இடது பாதி மட்டும் ஏன் சீக்கிரம் தீர்ந்தது

சேலம் அஸ்தம்பட்டி வீட்டில் நான் தட்டச்சு செய்யும் இரண்டு துண்டு கீபோர்டில், இடது பாதி மட்டும் சீக்கிரமே சார்ஜ் தீர்ந்துவிடும். அதில் ஓடும் ZMK என்ற கீபோர்டு ஃபர்ம்வேரில் வழக்கமாக இடதுதான் மையம். கணினியோடும் வலது பாதியோடும் அதுவே பேசிக்கொண்டிருப்பதால் செலவும் அதற்கே அதிகம். ஆழ்ந்த தூக்கம் தானாக இயங்காது என்பதால் `.conf` கோப்பில் இதைச் சேர்த்தேன்:

```
CONFIG_ZMK_SLEEP=y
```

15 நிமிடம் தொடாவிட்டால் தூங்கிவிடும். ஆனால் எந்தக் கீயை அழுத்தியும் எழவில்லை. ரீசெட் செய்தால்தான் உயிர் வந்தது. கீபோர்டை விவரிக்கும் ஷீல்டு கோப்புகளை நாமே எழுதும்போது, கீ அழுத்தத்தைக் கவனிக்கும் kscan பகுதியில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்:

```
wakeup-source;
```

அப்புறம் புது ஃபர்ம்வேரை இரண்டு பாதியிலும் ஏற்றினேன். சரியாக எழுகிறது, சார்ஜும் மாதக்கணக்கில் தாங்குகிறது. எழுந்ததும் புளூடூத் மீண்டும் இணையக் கொஞ்சம் நேரமாகும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.