மொரிஷியஸில் கடற்கரை வீடு வாங்குமுன் மீதி ஆண்டுகளை எண்ணுங்கள்

இங்கே கரையோரமாக ஓடும் 'பா ஜியோமெத்ரிக்' பட்டை, கடலிலிருந்து குறைந்தது 81 மீட்டர் வரை, அரசு நிலம். அதில் நிற்கும் காம்ப்மான் எனப்படும் கடற்கரை வீட்டை வாங்குபவர் மண்ணை வாங்குவதில்லை, குத்தகையில் மிச்சமிருக்கும் ஆண்டுகளை வாங்குகிறார். ஊருக்குள் சொந்தப் பத்திர நிலம் வாங்கிப் பழகியவர்கள் சறுக்குவது இதில்தான்.

ஒரு கணக்கு. குத்தகையில் இன்று 42 ஆண்டு பாக்கி என்று வைத்துக்கொள்வோம். 15 ஆண்டு கழித்து விற்றால் 27தான் மிஞ்சும். கடன் முடிந்த பிறகும் 10 ஆண்டு குத்தகை இருக்க வேண்டும் என்று வங்கி கேட்டால், உங்களிடம் வாங்குபவருக்கு 17 ஆண்டுக் கடன்தான். 6 சதவீத வட்டியில் 50 லட்சம் ரூபாய்க்கு 25 ஆண்டுத் தவணை மாதம் சுமார் 32,200. அதே தவணையை 17 ஆண்டுக்குக் கட்டினால் சுமார் 41 லட்சம்தான் கடன் கிடைக்கும். வீட்டில் ஒரு ஓடுகூட உடையவில்லை. ஆனாலும் அவரால் தர முடிந்த விலையில் 9 லட்சம் காணோம்!

ஆகவே விலை பேசுமுன் பத்திரம் எழுதும் நொத்தேரிடம் குத்தகைப் பத்திரத்தையே கேளுங்கள். விற்பவர் வாய்ச்சொல் "அறுபது வருஷம்" என்பது தொடக்கத்திலிருந்து எண்ணியதாக இருக்கும். முடியும் தேதி, ஆண்டு வாடகை உயரும் விதம், கைமாற்ற அரசின் அனுமதி, காலம் முடிந்தபின் கட்டடம் யாருக்கு என்பதைப் பாருங்கள். வங்கி எத்தனை ஆண்டு மீதி கேட்கிறது என்பதையும் முன்பணத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.