நடக்கத் தொடங்கிய குழந்தையும் பகல் தூக்கமும்

முதல் பிறந்தநாள் நெருங்கியபோது என் மகள் நடக்க ஆரம்பித்தாள். அதோடு மதியத் தூக்கம் போனது. படுக்க வைத்தால் சுவரைப் பிடித்து எழுந்து நிற்பாள். இரவிலும் அதே கதை, பாதித் தூக்கத்தில் எழுந்து நின்று அழுவாள்.

"இனி ஒரு தூக்கம் போதும்மா" என்றார் அத்தை. ஆனால் மாலை ஐந்து மணிக்கே கண்ணைக் கசக்கிச் சிணுங்குவாள். போதுமென்றால் இப்படி இருக்காது. பல குழந்தைகள் 14 முதல் 18 மாதத்துக்குள்தான் ஒரே தூக்கத்துக்கு மாறுகின்றன. அதனால் காலை, மதியம் இரண்டு தூக்கத்தையும் விடவில்லை.

காலைத் தூக்கத்தைக் குறைத்தேன். ஒன்பதரைக்குப் படுத்தால் முக்கால் மணி நேரத்தில் எழுப்பிவிடுவேன். அப்போதுதான் இரண்டு மணிக்குத் தூக்கம் வரும். அதற்கு முன் வராந்தாவில் ஆசை தீர நடக்கவிட்டு, கடைசி இருபது நிமிடம் திரைச்சீலையை இழுத்துவிட்டு மடியில் வைத்துக்கொள்வேன். அரை மணி நேரத்தில் தூங்காவிட்டால் விட்டுவிட்டு, அன்று இரவு ஏழு மணிக்கே படுக்க வைப்பேன்.

இன்னொன்று, நிற்கத் தெரிந்த அவளுக்கு உட்காரத் தெரியவில்லை. பகலில் சோபாவைப் பிடித்தபடி முழங்காலை மடக்கி உட்காரப் பழக்கினேன். அப்புறம் இரவில் எழுந்தாலும் தானே உட்கார்ந்து சாய்ந்துகொண்டாள். தூளியைக் கழற்றிவிட்டுத் தரையில் மெத்தை போட்டிருந்தோம். எழுந்து நிற்கும் குழந்தைக்குத் தூளி ஆபத்து.

காய்ச்சல் இருந்தாலோ காதை இழுத்து அழுதாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். அது வேறு விஷயம்.