கல்யாண மண்டபத்தில் எட்டரை மணி: குழந்தையின் தூக்க நேரம் குலையாமல் பார்த்துக்கொள்ளும் முறை

என் மகனுக்கு இரண்டரை வயதில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். ராத்திரி பத்தரை வரை மண்டபம் முழுக்க ஓடினான். "பாரேன், இவனுக்குத் தூக்கமே வரல!" என்று எல்லோரும் ரசித்தார்கள். காரில் ஏறியதும் தொடங்கிய அழுகை வீட்டுக்கு வந்தும் முக்கால் மணி நேரம் ஓயவில்லை. பாவம் என்று மறுநாள் காலை ஒன்பதரை வரை தூங்க விட்டேன். பிள்ளை மதியம் நாலு மணிக்குத் தூங்கினான், இரவு பதினொன்றுக்குக் கண் மூடினான். பழைய நேரத்துக்குத் திரும்ப ஆறு நாள் ஆனது.

காரியத்தைக் கெடுத்தது கல்யாண ராத்திரி என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த நாள் காலைதான் கெடுத்தது என்பது பிறகுதான் புரிந்தது.

குழந்தைக்குத் தூக்கம் வருவதற்கு இரண்டு காரணங்கள் சேர வேண்டும். விழித்திருக்கும் நேரம் கூடக்கூட உடம்பில் தூக்கத்தின் தேவை ஏறிக்கொண்டே போகும். அதோடு, உடலுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அதைத் தினமும் சரிசெய்வது முக்கியமாகக் காலை வெளிச்சம். ஒரு நாள் தாமதமாகத் தூங்கினால் கடிகாரம் அதிகம் நகராது. தாமதமாக எழுந்து, வெளிச்சத்தையும் தாமதமாகப் பார்த்து, மதியத் தூக்கமும் தள்ளிப்போனால்தான் நகரும்.

ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். குழந்தைக்கு இரண்டரை வயது. வழக்கமாகக் காலை 6:30-க்கு எழும், மதியம் 1 முதல் 2:30 வரை தூங்கும், இரவு 8:30-க்குப் படுக்கும். சனிக்கிழமை மாலை விருந்து. வீடு திரும்ப 11 ஆகும்.

படி 1: ஒரு வாரம் முன்பே, பையில் அடங்கும் வரிசை

தூங்க வைக்கும்போது தினமும் ஒரே வரிசையில் என்ன செய்கிறோம் என்பதைக் குழந்தை கடிகாரத்தைவிட நன்றாகப் படிக்கும். ஆனால் அந்த வரிசையில் வெந்நீர்க் குளியலும் சொந்தக் கட்டிலும் இருந்தால் அதை எங்கேயும் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதனால் கடைசிப் பதினைந்து நிமிடத்தை மட்டும் தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: இரவு உடை, பல் துலக்குவது, ஒரே புத்தகம், ஒரே பாட்டு. ஒரு வாரம் வீட்டில் இதே வரிசையில் செய்தால்தான் மண்டபத்தில் அதற்கு அர்த்தம் இருக்கும். விருந்தன்று புதுப் புத்தகம் வாங்கிக்கொண்டு போகாதீர்கள், அது விழிக்க வைக்கும்.

படி 2: அன்றைய மதியம்

"ராத்திரி முழிக்கணும், மதியம் நல்லா தூங்கட்டும்" என்று சிலர் ஐந்து மணி வரை விட்டுவிடுவார்கள். "மதியம் தூங்காம இருந்தா ராத்திரி சீக்கிரம் சாஞ்சிடும்" என்று சிலர் தூங்கவே விடமாட்டார்கள். இரண்டும் வேலைக்காகாது. உதாரணக் குழந்தையை 1:30-க்குப் படுக்க வைத்து, 3:30-க்குள் எழுப்பிவிடுங்கள். அரை மணி நேரம் தள்ளிப்போகிறது, அரை மணி நேரம் கூடுகிறது, அவ்வளவுதான்.

படி 3: மண்டபத்தில்

போனவுடன் ஒரு இடம் பார்த்து வையுங்கள். உடை மாற்றும் அறையோ, ஒலிபெருக்கிக்கு எதிர்ப்பக்க மூலையோ, எதுவும் போதும். முழு அமைதி தேவையில்லை. வெளிச்சம் குறைவாக இருப்பதுதான் முக்கியம், ஏனென்றால் தூக்கத்துக்கு உடம்பைத் தயார் செய்யும் மெலடோனின் சுரப்பை இரவு நேர வெளிச்சம் அடக்கும். சிறு குழந்தைகளின் கண் பெரியவர்களுடையதைவிட அதிக வெளிச்சத்தை உள்ளே விடும். சமாதானப்படுத்தக் கையில் போனைக் கொடுப்பதும் இந்த நேரத்தில் கெடுதல்தான்.

யார் எழுந்து போவது என்பதை அப்பாவும் அம்மாவும் கிளம்பும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். அங்கே போய்ப் பேசினால் இருவருமே எழ மாட்டீர்கள்.

இனி குழந்தையைக் கவனியுங்கள். என் மகன் முதலில் காதைத் தடவுவான். பேச்சு குறையும், கூட்டத்தின் நடுவில் நின்று எதையோ வெறித்துப் பார்ப்பான். அந்தப் பத்து நிமிடம்தான் வாசல். அதைத் தவற விட்டால் உடம்பு விழித்திருக்கப் போராடத் தொடங்கும், பிள்ளை வட்டம் போட்டு ஓடும், சும்மா சும்மா சிரிக்கும், கீழே விழுந்தால் அளவுக்கு மீறி அழும். சுற்றியிருப்பவர்கள் அதைத்தான் "தூக்கமே வரல" என்பார்கள்.

உதாரணக் குழந்தையை 8:15-க்குத் தூக்கிக்கொண்டு போங்கள். சிறுநீர் கழிக்க வைத்து, இரவு உடை மாற்றி, புத்தகம், பாட்டு. உடையை இப்போதே மாற்றினால்தான் பதினொரு மணிக்கு எழுப்பி மாற்ற வேண்டியிருக்காது. வழியில் பெரியம்மா மறித்து "ஒரு நாள்தானே, விளையாடட்டுமே" என்றால் வாதாட வேண்டாம். "தூங்க வச்சிட்டு வந்துடறேன் பெரியம்மா" என்று நடந்துகொண்டே சொல்லுங்கள். நின்றால் போச்சு.

ஒன்பது வரை தூங்கவில்லையா? சரி, மல்லுக்கட்டாதீர்கள். மங்கலான இடத்திலேயே மடியில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் கழித்து மறுபடி பாட்டிலிருந்து தொடங்குங்கள். கூட்டத்துக்குள் மட்டும் திரும்பிப் போகாதீர்கள். அப்போதும் ஆகவில்லை என்றால் ஒருவர் குழந்தையோடு கிளம்பிவிடுவது நல்லது.

தூங்க வைக்கிறேன் என்று சளி மருந்தோ வேறு எந்த மருந்தோ கொடுக்க வேண்டாம். அது பாதுகாப்பானதும் அல்ல, சில குழந்தைகளை இன்னும் துறுதுறுப்பாக்கவும் செய்யும். கைக்குழந்தையைச் சோபாவில் தூங்க வைக்காதீர்கள். கார் சீட்டில் தூங்கிவிட்டால், இறங்கியதும் எடுத்து, சமமான கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

படி 4: வீட்டு வாசலில்

வீட்டு விளக்கைப் போடாமல் நேராகப் படுக்கைக்குக் கொண்டு போங்கள். கண் விழித்தால் முழு வரிசையையும் மறுபடி தொடங்க வேண்டாம். பாட்டு மட்டும் போதும்.

படி 5: மறுநாள் காலை

இதுதான் விட்டுக்கொடுக்கக் கூடாத படி. வழக்கமான நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை தள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம். 7:30 ஆனதும் திரைச்சீலையை விலக்கிவிட்டு வீட்டின் சத்தங்களை வழக்கம்போல நடக்க விடுங்கள். பெரும்பாலும் தானாகவே எழும். எழுந்த அரை மணி நேரத்துக்குள் மொட்டை மாடியிலோ வாசலிலோ கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் இருக்கட்டும். மதியத் தூக்கம் வழக்கம்போல ஒரு மணிக்கு. கூடுதலாக அரை மணி நேரம் தூங்கினால் தூங்கட்டும், மூன்று மணிக்கு எழுப்புங்கள். அன்று இரவு 8:15-க்கே படுக்க வைக்கலாம். ஏழு மணிக்கே படுக்க வைத்து, விட்ட தூக்கத்தை ஈடுகட்ட நினைக்காதீர்கள். வழக்கமான நேரத்துக்கு முந்தைய ஒன்றிரண்டு மணி நேரம் உடல் கடிகாரம் விழிப்பைத் தூக்கிப் பிடிக்கும். சோர்ந்த குழந்தைகூடக் கட்டிலில் புரண்டுகொண்டிருக்கும்.

பல நாள் விழா என்றால்

இரண்டு தாமத இரவுகளை அடுத்தடுத்து வைக்காமல் நடுவில் ஒரு வழக்கமான இரவை விடப் பாருங்கள். மூன்று நாளில் எந்த நிகழ்ச்சிக்குக் குழந்தை அவசியம் என்று முன்பே தேர்ந்தெடுத்தால் மற்ற நாட்களில் எட்டு மணிக்குக் கிளம்புவது எளிது. எல்லாம் மீறித் தூங்கும் நேரம் பத்து மணிக்குப் போய்விட்டதென்றால், காலையில் எழுப்பும் நேரத்தை நாளுக்குப் பதினைந்து நிமிடம் முன்னால் கொண்டு வாருங்கள். மதியமும் இரவும் அதே அளவு பின்தொடரட்டும். ஒன்றரை மணி நேரத்தை மீட்க ஆறு நாள் ஆகும்.

பிறந்து மூன்று நான்கு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதன் கடிகாரம் இன்னும் நிலைப்படவில்லை. பசிக்கும்போது பால், தூங்கும்போது தூக்கம், அவ்வளவுதான்.

அடுத்த கல்யாணத்தில் இதே வரிசையைச் செய்து பார்த்தேன். மகன் 8:50-க்கு என் தோளில் தூங்கினான், காரில் ஒருமுறை முனகினான், காலை 7:10-க்கு எழுந்து வந்து "பாட்டி எங்கே?" என்றான். அன்று இரவு 8:40-க்குத் தூங்கிவிட்டான். தூங்க வைக்கப் போயிருந்ததில் குடும்பப் புகைப்படத்தில் மட்டும் நான் இல்லை.