சிலிண்டர் பரீட்சையும் என் அசட்டு நகைச்சுவையும்

வீட்டு எரிவாயு சிலிண்டரில் தேதி பார்ப்பது எப்படி என்று ஒருமுறை எழுதினேன். விஷயம் வறட்சியானது. ஓர் ஆங்கில எழுத்து, பக்கத்தில் இரண்டு இலக்கம், அவ்வளவுதான். இதை யார் படிப்பார்கள் என்ற பயத்தில் வரிக்கு வரி சிரிப்பைத் தூவினேன். நிறைய பேர் படித்தார்கள், சிரித்தார்கள், பகிர்ந்தார்கள். மூன்றாம் நாள் அத்தை போன் பண்ணினார்.

"ஏண்டா, என் சிலிண்டர்ல சி-ன்னு எழுதி போன வருஷத்து நம்பர் போட்டிருக்கு. பக்கத்து வீட்டுப் பையனை விட்டு மொட்டை மாடியில கொண்டுபோய் வச்சுட்டேன். வெடிக்க இன்னும் எத்தனை நாள் இருக்கு?"

சித்திரை வெயில். மாடியில் சிலிண்டர். காரணம் நான் எழுதிய ஒரே ஒரு வரி: "தேதி முடிந்த சிலிண்டர், அடுப்படியில் உட்கார்ந்திருக்கும் எமன்."

அந்தத் தேதி என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். சிலிண்டரின் மேல் வளையத்தைத் தாங்கி நிற்கும் இரும்புப் பட்டைகளில் ஒன்றின் உட்புறம் 'பி-27' என்பதுபோல் எழுதியிருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். எண் வருடத்தைக் குறிக்கும். ஆக 'பி-27' என்றால் 2027 ஜூன் முடிவதற்குள் அந்த இரும்புக் கலத்தை மறுசோதனைக்கு அனுப்பியாக வேண்டும். உள்ளே இருக்கும் வாயு கெட்டுப்போகும் தேதி அல்ல அது, கலம் வெடிக்கும் தேதியும் அல்ல. தேதி கடந்த சிலிண்டரை வாங்கிக்கொள்ளக் கூடாது, மாற்றித் தரச் சொல்ல வேண்டும். ஆனால் ஜூன் 30 இரவு பன்னிரண்டு மணிக்கு அதற்குள் எந்தப் பூதமும் புகுந்துவிடாது.

என் எமன் நகைச்சுவையின் கோளாறு, அது தகவலை மறைத்தது என்பதுகூட இல்லை. தகவல் பக்கத்திலேயே, அடுத்த வரியிலேயே சரியாக இருந்தது. ஆனால் சிரிப்பு ஒரு திசையில் இழுத்தது, தகவல் இன்னொரு திசையில் நின்றது. படித்தவர் மனதில் ஒரு வாரம் கழித்து மிஞ்சுவது எது? உவமைதான். காலாண்டுக் கணக்கு மறந்துபோகும், எமன் மறக்க மாட்டான். நகைச்சுவையோடு எழுதுகிறவர்கள் செய்யும் தவறுகளிலேயே பெரியது என்று நான் இதைத்தான் சொல்வேன். சிரிப்பு வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, அந்த உவமையை மட்டும் நினைவில் வைத்திருப்பவர் என்ன செய்வார் என்று பார்ப்பதில்லை.

திருத்தி எழுதியபோது எமனை நீக்கிவிட்டு இப்படிப் போட்டேன்: "சிலிண்டருக்கும் பரீட்சை உண்டு. பி-27 என்றால் 2027-இன் இரண்டாம் காலாண்டுத் தேர்வு. அதற்குள் போய் எழுதிவிட்டு வர வேண்டும். தேர்வைத் தவறவிட்ட மாணவனை வீட்டுக்குள் சேர்க்காதீர்கள், திருப்பி அனுப்புங்கள்." பிரமாதமான சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதில் உவமையை மட்டும் நினைவில் வைத்திருந்தாலும் பாதி விஷயம் கைக்கு வந்துவிடும்: அது சோதனைத் தேதி, மூன்று மாதக் கணக்கு, தவறினால் திருப்பி அனுப்பு. உண்மை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறதோ சிரிப்பும் அப்படியே கட்டப்பட்டிருக்கிறது. நிஜமாகவே அது ஒரு சோதனைதானே.

இரண்டாவது தவறு இதைவிட ஆபத்தானது. கசிவைக் கண்டுபிடிப்பது பற்றி நான் எழுதியிருந்தது இது: "கசிவு இருக்கிறதா என்று தெரிய வேண்டுமா? ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் பாருங்கள். இருந்தால் உடனே தெரிந்துவிடும், உங்களுக்கு அல்ல, பக்கத்துத் தெருவுக்கு. எனவே சோப்பு நீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்." நேரில் சொல்லியிருந்தால் முகத்தையும் குரலையும் வைத்துக் கிண்டல் என்று புரிந்திருக்கும். எழுத்தில் முகம் ஏது? யாரோ ஒருவர் முதல் இரண்டு வரியை மட்டும் வெட்டி, படமாக்கி, குடும்பக் குழுவில் போட்டிருந்தார். அது என் கண்ணில் பட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதிலிருந்து ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். 'பாருங்கள்', 'திருப்புங்கள்', 'கழற்றுங்கள்' என்று முடியும் வினை எதையும் கிண்டலுக்குப் பயன்படுத்துவதில்லை. அவசரத்தில் மேலோட்டமாகப் படிக்கிறவர் கண்ணுக்கு முதலில் படுவது ஏவல் வினைகள்தான். அவர் அவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போவார். ஆகவே ஏவல் முழுக்க உண்மையான வேலைக்கு, கிண்டல் முழுக்க இறந்த காலத்துக்கு. தீக்குச்சி விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் அதையும் நேராகவே சொல்லலாம்: "தீக்குச்சியோ லைட்டரோ காட்டிச் சோதிக்காதீர்கள். சோப்பு நீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். நான் முதல் தடவை தடவியபோது குமிழி ஏகத்துக்கு வந்தது. பதறிப்போய்ப் பார்த்தால், குலுக்கிய நுரையையே அள்ளிப் பூசியிருக்கிறேன். நுரை அடங்கிய நீரைத் தடவுங்கள், புதிதாகக் குமிழி கிளம்பினால்தான் கசிவு." இங்கே அசடு நான்தான். அந்த அசட்டுத்தனம் ஒரு செய்முறைக் குறிப்பையும் சுமந்துகொண்டு வருகிறது. இந்த இடத்தை வெட்டி எங்கே ஒட்டினாலும் யாருக்கும் கெடுதல் இல்லை.

அப்புறம் செல்லப்பெயர் வைக்கும் ஆசை. ரெகுலேட்டரை நான் 'தொப்பி' என்று அழைத்திருந்தேன், பார்க்க அப்படித்தான் இருக்கிறது. சிலிண்டர் வால்வுக்கு மேல் கயிற்றில் கட்டித் தொங்கும் பிளாஸ்டிக் மூடி ஒன்று தனியாக இருப்பதை யோசிக்கவில்லை. பல வீடுகளில் அதைத்தான் தொப்பி என்கிறார்கள். நான் "தொப்பியை மூடிவிட்டு வெளியே வாருங்கள்" என்று எழுதினால் ஒருவர் ரெகுலேட்டரைத் திருகுவார், இன்னொருவர் கயிற்றில் மூடியைத் தேடுவார். கசிவு நேரத்தில் அது வீண் நிமிடம். கடையிலும் ஏஜென்சியிலும் எந்தப் பெயரைச் சொன்னால் புரியுமோ அதையே கடைசிவரை வைத்துக்கொள்வதுதான் சரி. மனிதர்களுக்கு, பூனைக்கு, என் பழைய ஸ்கூட்டருக்கு எத்தனை பட்டப்பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம்.

எல்லாவற்றையும் உண்மைக்குப் பக்கத்திலேயே வைத்தால் சிரிப்புக்கு இடமே இருக்காதே என்று நினைக்கலாம். 2011 மே மாதம் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு மையம் ஒரு கட்டுரை வெளியிட்டது. பிணங்கள் எழுந்து நடக்கும் 'ஜாம்பி' படையெடுப்பு வந்தால் எப்படித் தயாராக இருப்பது என்பது தலைப்பு. கூட்டம் தாங்காமல் அவர்கள் தளமே முடங்கியது. உள்ளே இருந்ததோ புயலுக்கும் நிலநடுக்கத்துக்கும் அவர்கள் வழக்கமாகச் சொல்லும் அதே பட்டியல்: ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் தண்ணீர், கெடாத உணவு, மருந்து, முக்கிய ஆவணங்கள், முதலுதவிப் பொருள்கள். ஜாம்பி வாசலில் நின்று கூப்பிட்டது. தண்ணீர்க் கணக்கில் அது விளையாடவில்லை. அந்த மட்டில் நல்ல பாடம். ஆனால் அதே முயற்சியைப் பற்றிப் பின்னால் 2015இல் வந்த ஆய்வு ஒன்று, வேடிக்கை வடிவத்தைப் படித்தவர்களிடம் நிஜமாகவே ஏற்பாடு செய்யும் எண்ணம், சாதாரண வடிவத்தைப் படித்தவர்களைவிடக் குறைவாக இருந்தது என்றது. படித்தார்கள், ரசித்தார்கள், தண்ணீர் பிடித்து வைக்கவில்லை. கூட்டம் வந்ததை வைத்து வேலை நடந்தது என்று எண்ணிக்கொள்வதும் ஒரு தவறுதான். என் பதிவுக்கு வந்த சிரிப்பு முகங்களை எண்ணிக்கொண்டிருந்தவன் நான். எத்தனை பேர் குனிந்து பட்டையில் தேதி பார்த்தார்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

இடம் பற்றியும் ஒரு வார்த்தை. சிலிண்டர் கொண்டு வந்தவர் வாசலில் வியர்வையோடு நிற்கும்போதுதான் முக்கால்வாசிப் பேர் இதைத் தேடுவார்கள். என் முதல் வடிவத்தில் அவர்கள் மாமியார் நகைச்சுவை ஒன்றையும் என் குழந்தைப் பருவத்து மண்ணெண்ணெய் வரிசையையும் தாண்டினால்தான் தேதிக்கு வர முடியும். இப்போது முதல் பத்தி இதுதான்: "சீல் உடையாமல் இருக்கிறதா பாருங்கள். பட்டையில் தேதி பாருங்கள். எடை போடச் சொல்லுங்கள். சிலிண்டரில் எழுதியிருக்கும் வெற்று எடையோடு 14.2 கிலோவைக் கூட்டினால் வர வேண்டிய எடை கிடைக்கும். வெற்று எடை 15.8 என்றிருந்தால் மொத்தம் 30 கிலோ." அதன்பிறகு, வாசலில் நிற்பவர் போன பிறகு, ஆற அமரப் படிக்கிறவருக்காக மண்ணெண்ணெய் வரிசை. அதை முழுசாக நீக்க மனசு வரவில்லை. சொந்தக் கதை இருப்பதால்தான் இதை எழுதியது ஒரு மனிதர் என்று தெரிகிறது, அதனால்தான் சிலராவது நம்பிப் படிக்கிறார்கள்.

ஒரு பத்தியில் மட்டும் எதுவும் வைக்கவில்லை, ஒரு பழமொழிகூட. கசிவு வாடை வந்தால் என்ன செய்வது என்ற பத்தி: ரெகுலேட்டரை மூடுங்கள். எரியும் தீயை, எண்ணெய் விளக்கை அணையுங்கள். மின் சுவிட்ச் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கதவு, ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள். இந்தப் பத்தி மட்டும் என் குரலில் இல்லை, மருந்துச் சீட்டு மாதிரி இருக்கிறது என்று ஒரு நண்பர் குறைப்பட்டுக்கொண்டார். ஆமாம் என்றேன்.

அத்தை சிலிண்டரை மாடியிலிருந்து இறக்கி, ஏஜென்சிக்குச் சொல்லி மாற்றிக்கொண்டார். புதிதாக வந்ததில் டி என்று இருந்ததாம். "அரையாண்டா, முழு ஆண்டா?" என்று கேட்டார்.