குடிக்கும் கணவரைக் காப்பாற்றப் போய் நாம் செய்யும் தவறுகள்

கோவைப் பக்கம் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமை வாரச் சம்பளம், அன்று சாயங்காலமே டாஸ்மாக். ஞாயிறும் அப்படியே போகிறது. திங்கட்கிழமை காலையில் அவரால் எழ முடியவில்லை. பட்டறை முதலாளி போன் அடிக்க, மனைவி எடுத்து, "ராத்திரியிலிருந்து காய்ச்சல்ங்கண்ணா, நாளைக்கு வந்துடுவார்" என்கிறார். கணவர் வாந்தி எடுத்த இடத்தைக் கழுவி, மோர் கரைத்துத் தலைமாட்டில் வைத்துவிட்டுத் தன் வேலைக்கு ஓடுகிறார். பத்து மணிக்குக் கணவர் கண் விழிக்கும்போது தரை சுத்தமாக இருக்கிறது, வேலையும் போகவில்லை. குடித்ததால் அவருக்கு வந்த கஷ்டம் கொஞ்சம் தலைவலி மட்டும்தான். மீதியெல்லாம் மனைவி தலையில்.

இந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வேலை போய்விட்டால் வாடகை கொடுப்பது எப்படி என்ற பயத்தில்தான் பொய் சொல்கிறார். ஆனால் குடியால் வரும் நஷ்டம் குடிப்பவரைத் தொடவே விடாமல் நாம் நடுவில் நின்றால், நிறுத்த வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வர வழியே இல்லை. மனைவி குடித்து, கணவர் மறைக்கும் வீடுகளிலும் இதே கதைதான்.

அடுத்த திங்கட்கிழமை போன் வந்தால் சண்டையும் வேண்டாம், காட்டிக்கொடுக்கவும் வேண்டாம். "வீட்ல இருக்கார்ங்கண்ணா, எழுந்ததும் அவரையே பேசச் சொல்றேன்" என்றால் போதும். காரணம் சொல்வது அவர் பாடு. கடைக்கடனும் அப்படித்தான். குடித்த கடனை மகளிர் குழுவில் லோன் எடுத்து அடைக்காதீர்கள். அதே சமயம் பள்ளிக் கட்டணம், அரிசி, வாடகைக்கான பணத்தை அவர் கைக்கு எட்டாத உங்கள் கணக்கில் போட்டு, ஏடிஎம் அட்டையையும் ரகசிய எண்ணையும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய குடியின் பலன் அவரைத்தான் சேர வேண்டும், பிள்ளைகளின் தட்டை அல்ல.

இதில் ஒரு விலக்கு உண்டு. போதையில் மல்லாந்து கிடந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி மூச்சுக்குழாயில் போனால் உயிரே போய்விடும். தட்டி எழுப்பியும் அசைவில்லை, மூச்சு விட்டுவிட்டு வருகிறது என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். தரையைக் கழுவுவதை அவர் எழுந்ததும் செய்யட்டும்.

அடுத்த தவறு ராத்திரியில் நடக்கிறது. தள்ளாடி உள்ளே நுழைந்ததும் கேள்வி கேட்கத் தொடங்குகிறோம். இவ்வளவு நேரம் அடக்கி வைத்த கோபம், வராமல் எப்படி இருக்கும்? ஆனால் அளவுக்கு மீறிக் குடித்தவர் மூளையில் அந்த நேரத்துப் பேச்சு பதிவதே இல்லை. காலையில் "நான் எப்போ சொன்னேன்?" என்று அவர் கேட்பது எல்லா நேரமும் நடிப்பு இல்லை. அதோடு, கை நீளுவதும் பெரும்பாலும் இந்த நேரத்துச் சண்டையில்தான். அப்புறம் "இவ நச்சரிப்பு தாங்காமத்தான் குடிக்கிறேன்" என்று ஒரு சாக்கும் கிடைத்துவிடும்.

பேச வேண்டியதை, அவர் தெளிந்து, குளித்து, சாப்பிட்ட பிறகு பேசுங்கள். பழைய கணக்கையெல்லாம் எடுக்காமல் ஒரே ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். "நேத்து நீங்க வண்டியில பாப்பாவை முன்னாடி உட்கார வெச்சுக் கூட்டிட்டு வந்தப்போ எனக்கு உயிரே இல்லைங்க. குடிச்சிருந்தா இனி அவளை நான் வண்டியில அனுப்ப மாட்டேன்." அவ்வளவுதான். அவர் என்ன செய்ய வேண்டும் என்பதை விட்டுவிட்டு, நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லியிருக்கிறீர்கள். சொன்னதைச் செய்தும் காட்ட முடியும். "இன்னொரு தடவை குடிச்சா அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்று மாதாமாதம் சொல்லிப் போகாமல் இருந்தால் அந்த வார்த்தைக்கு மதிப்பு போய்விடும். செய்ய முடிந்ததை மட்டும் சொல்லுங்கள்.

குடிக்காமல் வரும் நாளை நாம் வீணடிப்பதும் உண்டு. அபூர்வமாக ஒரு நாள் தெளிவாக ஏழு மணிக்கு வீட்டுக்கு வருகிறார். இன்றைக்குத்தான் காது கேட்கும் என்று பத்து நாள் கோபத்தையும் அன்றைக்கே கொட்டிவிடுகிறோம். அவர் கண்ணுக்குக் குடித்த நாளும் குடிக்காத நாளும் ஒன்றாகிப் போகிறது. அமெரிக்காவில் ராபர்ட் மேயர்ஸ் வகுத்த 'கிராஃப்ட்' என்ற குடும்பப் பயிற்சி இதைத்தான் திருப்பிப் போடுகிறது: தெளிவாக இருக்கும் நாளில் சேர்ந்து சாப்பிடுவது, பேசுவது, வெளியே போவது, குடித்த நாளில் கத்தாமல் விலகிவிடுவது. 1999-இல் வெளியான ஒரு ஆய்வில் இப்படிப் பயின்ற குடும்பங்களில் 64 சதவீதம் பேரின் வீட்டில் குடிப்பவர் சிகிச்சைக்கு வந்தார். சிகிச்சையைப் பற்றி எடுக்கவும் நேரம் உண்டு. ஏதாவது நஷ்டப்பட்டு, "என்ன பொழப்பு இது" என்று அவரே நொந்துகொள்ளும் போது கேளுங்கள். எந்த ஆஸ்பத்திரி, என்ன கிழமை என்பதையெல்லாம் அதற்கு முன்பே விசாரித்து வைத்திருங்கள். மனம் மாறும் அந்த நேரம் ரொம்ப நேரம் நிற்காது.

இனி சொல்லும் இரண்டும் உயிருக்கே ஆபத்தானவை.

ஒன்று, சாம்பாரில் தெரியாமல் மாத்திரை கலப்பது. 'குடியை மறக்கடிக்கும் மருந்து' என்று விற்பதில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. குடியை நிறுத்த மருத்துவர்கள் தரும் டைசல்ஃபிரம் மாத்திரையையே உதாரணமாகப் பாருங்கள். அதைச் சாப்பிட்டவர் குடித்தால், சாராயம் உடைந்து வரும் நச்சு உடம்பிலேயே தங்கிவிடும். முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரியும். சிலருக்கு உயிரே போயிருக்கிறது. மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைக்கும் கூட அதன் வேலை இருக்கும். அதனால்தான் ஈரலையும் இதயத்தையும் சோதித்து, அவர் சம்மதத்தோடு மட்டும் தருகிறார்கள்.

இன்னொன்று, தினமும் குடிப்பவரைச் சட்டென்று நிறுத்த வைப்பது. சபரிமலைக்கு மாலை போட்டோ, கோயிலில் கயிறு கட்டியோ, அறையில் பூட்டி வைத்தோ நிறுத்துகிறோம். காலையில் கை நடுங்கி, ஒரு கட்டிங் போட்டால்தான் நிற்கிறது என்றால் அவர் உடம்பு சாராயத்துக்கு அடிமையாகிவிட்டது. அப்படிப்பட்டவருக்குக் கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் வியர்த்துக் கொட்டி, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்லி, ஆள் தெரியாமல் உளறலாம். பேய் பிடித்ததாக நினைத்து மந்திரிக்கப் போகாதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நம்பிக்கையோடு மாலை போடட்டும், ஆனால் முன்கூட்டியே மனநல மருத்துவரைப் பார்த்து, நடுக்கத்துக்கான மாத்திரையும் தயமின் என்ற வைட்டமின் ஊசியும் ஏற்பாடு செய்துகொண்டு போடட்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதைக் கேட்கலாம்.

அடிக்கிற கணவராக இருந்தால் மேலே சொன்ன எதையும் முயல்வதற்கு முன் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் ராத்திரியில் போய் இருக்க ஒரு இடம் பார்த்து வையுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181. குடியைப் பற்றி 14416-இல் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள். அவர் வர மறுத்தாலும் நீங்கள் மட்டும் தனியாகப் பேசலாம். குடிப்பவர்களின் குடும்பத்தினருக்கென்றே இருக்கும் அல்-அனான் கூட்டங்களுக்கும் அவர் வர வேண்டியதில்லை.