காபிமீது பழி போடும் முன்

ஓர் உணவுப் பழக்கத்தை நோயோடு இணைக்கும் ஆய்வு கைக்கு வந்தால், முடிவுரையை அப்படியே வைத்துவிட்டு ‘ஆய்வு முறை’ பகுதியை முதலில் படியுங்கள். நோயாளிகளை யாரோடு ஒப்பிட்டார்கள் என்பது அங்கேதான் இருக்கும்.

1981இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள், காபி குடிப்பதற்கும் கணையப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரிகிறது என்று எழுதினார்கள். பத்திரிகைகள் விடுமா? இத்தனைக்கும் புகைப்பழக்கத்தையும் அவர்கள் கணக்கில் கொண்டிருந்தார்கள். கோளாறு வேறிடத்தில் இருந்தது. ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொண்டவர்கள் அதே மருத்துவர்களிடம் வேறு நோய்களுக்குச் சிகிச்சை பெற்றவர்கள். பலருக்கு வயிறு, குடல் தொல்லை. அப்படிப்பட்டவர்கள் காபியைக் குறைத்திருப்பார்கள். அவர்கள் குறைவாகக் குடித்ததாலேயே புற்றுநோயாளிகள் அதிகம் குடித்தது போலத் தோன்றியிருக்கலாம். 1986இல் அதே குழு மீண்டும் ஆராய்ந்தபோது பழைய வலுவான தொடர்பு தென்படவில்லை.

முதலில் வந்தது பழக்கமா, நோயா என்றும் பாருங்கள். உடல் எடை கூடிய பிறகு சர்க்கரையில்லாத பானத்துக்கு மாறியவருக்குப் பின்னாளில் நீரிழிவு வந்தால், பானத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது.

செய்தித் தலைப்பில்தான் பெரும்பாலும் சறுக்குகிறோம். ‘காபியால் புற்றுநோய்’, ‘காபி புற்றுநோயை உண்டாக்குகிறது’ இரண்டுமே காரணத்தை அறுதியிட்டுவிடுகின்றன. மக்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளுக்கு மட்டுமே அவற்றைப் பயன்படுத்துங்கள். வெறுமனே கவனித்துப் பதிவுசெய்த ஆய்வு என்றால், ‘காபி குடிப்போரிடம் அதிகம் காணப்பட்டது’ என்பதே நேர்மையானது.