வெளிநாட்டுச் சம்பளத்தை எந்த விகிதத்தில் பெருக்குவது?

வெளிநாட்டிலிருந்து ஒரு வேலை வாய்ப்பு வந்ததும் எல்லோரும் முதலில் செய்வது ஒன்றுதான். போனை எடுத்து அன்றைய மாற்று விகிதத்தைப் பார்த்து, சம்பளத்தை அதால் பெருக்கி, வரும் தொகையைக் கண்டு அசந்துபோவது. அந்தத் தொகை பொய் இல்லை. ஆனால் அந்தச் சம்பளம் முழுவதையும் மாற்றி, சொந்த நாட்டில் செலவழித்தால்தான் அது உண்மை. வாடகையும் சாப்பாடும் நீங்கள் கட்டப்போவது அங்கே.

சந்தை மாற்று விகிதம் நாடுகளுக்கிடையே நகரும் பணத்தையும் சரக்கையும் முதலீட்டையும் ஒட்டி ஏறி இறங்குகிறது. வீட்டு வாடகை, முடிவெட்டுவது, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆள் ஆகியவை எல்லை தாண்டாதவை. அவற்றின் விலையை அந்தந்த ஊர்ச் சம்பளமே நிர்ணயிக்கிறது. அதனால்தான் சம்பளம் அதிகமுள்ள நாட்டில் இவை எல்லாம் விலை கூடுதலாக இருக்கின்றன. இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதற்கு ஓர் உதாரணம்: நாடுகளின் விலைவாசியை ஒப்பிடும் சர்வதேச ஒப்பீட்டுத் திட்டத்தின் 2017 சுற்றில் ஒரு அமெரிக்க டாலரின் சந்தை விகிதம் 65.12 இந்திய ரூபாய். வாங்கும் திறன் அடிப்படையில், அதாவது அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைப்பதை இந்தியாவில் வாங்க எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டபோது, அது 20.65 ரூபாய்.

சரி, அப்படியானால் 65-க்குப் பதில் 20-ஆல் பெருக்கினால் போதுமா? போதாது. எங்கே எந்த விகிதம் என்பதுதான் இந்தக் கணக்கின் முழுச் சூட்சுமமும். ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டே பார்ப்போம். சொந்த நாட்டு நாணயத்தை ‘உள்காசு’ என்றும் வெளிநாட்டு நாணயத்தை ‘வெளிக்காசு’ என்றும் வைத்துக்கொள்கிறேன். சந்தையில் 1 வெளிக்காசு = 25 உள்காசு.

படி 1: கைக்கு வரும் தொகை

வேலைக் கடிதத்தில் இருப்பது மொத்தச் சம்பளம். வரி, சமூகப் பாதுகாப்புப் பிடித்தம், கட்டாய மருத்துவக் காப்பீடு எல்லாம் போக மாதம் கைக்கு வருவதை இரண்டு பக்கமும் எழுதுங்கள். பிடித்தத்தில் ஒரு பகுதி ஓய்வூதியக் கணக்குக்குப் போய், நாட்டை விட்டுக் கிளம்பும்போது திரும்பக் கிடைக்குமென்றால் அதைத் தனியாகக் குறித்து வையுங்கள். அது சேமிப்பு, செலவு அல்ல.

நம் கணக்கில் உள்நாட்டு வேலை கைக்குத் தருவது 60,000 உள்காசு. வெளிநாட்டு வேலையின் மொத்தச் சம்பளம் 5,200 வெளிக்காசு, பிடித்தம் போக 3,700. சந்தை விகிதத்தில் பெருக்கினால் 92,500 உள்காசு. பாதிக்கும் மேல் அதிகம். இங்கேதான் பலர் பெட்டி கட்டத் தொடங்குகிறார்கள்.

படி 2: உங்கள் சொந்த விகிதத்தைக் கண்டுபிடிப்பது

வாங்கும் திறன் விகிதத்தை உலக வங்கி நாடுவாரியாக வெளியிடுகிறது. அதில் ஒன்றுக்கு மேற்பட்ட வகை உண்டு. எல்லோரும் எடுத்தாளும் பொது விகிதத்தில் அரசுச் செலவும் கட்டுமானமும் இயந்திரங்களும் சேர்ந்திருக்கும். குடும்பச் செலவுக்கு நெருக்கமானது தனியார் நுகர்வுக்கான விகிதம். தேட வேண்டிய குறியீடு இது:

```
PA.NUS.PRVT.PP
```

அமெரிக்க டாலரை அடிப்படையாக வைத்த எண் என்பதால், இரண்டு நாடுகளுக்கும் எடுத்து, சொந்த நாட்டு எண்ணை வெளிநாட்டு எண்ணால் வகுத்தால் உங்கள் ஜோடிக்கான விகிதம் கிடைத்துவிடும். ஆனால் இது நாடு முழுவதற்குமான சராசரி. தலைநகரத்தில் வேலை கிடைத்தவருக்கு இந்த எண் ஏமாற்றும், ஏனென்றால் வாடகை ஊருக்கு ஊர் மாறும். ஆகவே இதை ஒரு சரிபார்ப்பாக மட்டும் வைத்துக்கொண்டு, உங்கள் செலவுப் பட்டியலை நீங்களே போடுங்கள்.

முதல் பட்டியல்: இங்கே நீங்கள் வாழும் வாழ்க்கையை அப்படியே அங்கே வாழ்ந்தால் என்ன ஆகும்? அதே அளவு வீடு, அதே மாதிரிச் சாப்பாடு, அதே போக்குவரத்து, வீட்டு வேலைக்கு அதே உதவி. நம் உதாரணத்தில் இங்கே 40,000 உள்காசு ஆகும் வாழ்க்கைக்கு அங்கே 2,900 வெளிக்காசு ஆகிறது. வகுத்தால் 1 வெளிக்காசு = 13.8 உள்காசு.

இந்த எண்ணில் ஒரு சாய்வு இருக்கிறது. இங்கே வீட்டு உதவிக்கு 4,000 கொடுக்கிறீர்கள், அதே உதவி அங்கே 500 வெளிக்காசு. சந்தை விகிதத்தில் அது 12,500 உள்காசு. அங்கே போன யாரும் அப்படிச் செலவழிக்கமாட்டார்கள். தாங்களே பெருக்கித் துடைத்துக்கொள்வார்கள், கொஞ்சம் சின்ன வீடாகப் பார்ப்பார்கள். எங்கே எது மலிவோ அதன் பக்கம் மனிதர்கள் சாய்வார்கள் என்பதால், சொந்த நாட்டுப் பட்டியலை அங்கே சுமந்துபோனால் அந்த நாடு உண்மையைவிட விலை கூடியதாகவே தெரியும்.

அதனால் இரண்டாவது பட்டியலை எதிர்த்திசையில் போடுங்கள். அங்கே உங்களைப் போன்றவர்கள் நிஜமாக வாழும் விதத்தை எடுத்து, அதையே இங்கே வாழ்ந்தால் என்ன செலவு என்று பாருங்கள். நம் உதாரணத்தில் அங்கே 2,200 வெளிக்காசில் ஓடும் வாழ்க்கைக்கு இங்கே 34,000 உள்காசு. விகிதம் 15.45. இதில் சாய்வு மறுபக்கம் இருக்கும். அப்புறம் இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் நடுவில் ஒரு நியாயமான எண் வரும். சர்வதேச ஒப்பீட்டிலும் இந்தச் சாய்வைச் சமாளிக்க இதே வகைச் சராசரியைத்தான் பயன்படுத்துகிறார்கள். விரிதாளில்:

```
=SQRT((40000/2900)*(34000/2200))
```

விடை ஏறக்குறைய 14.6. வாழ்க்கையை ஓட்டும் விஷயத்தில் ஒரு வெளிக்காசு உங்களுக்கு 14.6 உள்காசுக்குச் சமம், 25-க்கு அல்ல.

பட்டியலில் மற்ற எல்லாவற்றையும்விட வாடகைக்கு நேரம் கொடுங்கள். காய்கறி விலையில் பத்து சதவீதம் தவறினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. வாடகையில் தவறினால் விடையே மாறிவிடும். அலுவலகத்துக்குப் போய்வரக்கூடிய தூரத்தில், இன்று காலியாக இருக்கும் வீடுகளின் விளம்பர விலையைப் பாருங்கள். ஏற்கனவே குடியிருப்பவர்கள் சொல்லும் வாடகை பழைய ஒப்பந்தத்தின் வாடகையாக இருக்கலாம்.

இணையத்தில் நகரங்களுக்கான வாழ்க்கைச் செலவுக் குறியீடுகள் கிடைக்கும், ஒரு நகரத்தை 100 என்று வைத்து மற்றதை 45, 80 என்று சொல்பவை. அவை பெரும்பாலும் எல்லா விலைகளையும் சந்தை விகிதத்தில் ஒரே நாணயத்துக்கு மாற்றிய பிறகு எடுத்த எண்கள். அவற்றைப் பயன்படுத்துவதானால் முதலில் சம்பளத்தைச் சந்தை விகிதத்தில் மாற்றிவிட்டு, பிறகு குறியீட்டால் சரிசெய்ய வேண்டும். வாங்கும் திறன் விகிதத்தில் மாற்றிய சம்பளத்தை மறுபடி குறியீட்டாலும் வகுத்தால் ஒரே செலவை இரண்டு முறை கழித்ததாகிவிடும். எந்த நல்ல வேலையும் அப்போது மோசமாகத்தான் தெரியும்.

படி 3: சம்பளத்தை இரண்டாகப் பிரிப்பது

3,700 முழுவதையும் 14.6-ஆல் பெருக்கிப் பாருங்கள். 54,020 உள்காசு. உள்நாட்டு வேலையின் 60,000-ஐவிடக் குறைவு! சந்தை விகிதம் போ என்கிறது, வாங்கும் திறன் விகிதம் போகாதே என்கிறது. இரண்டுமே முழுச் சம்பளத்துக்கும் பொருந்தாது என்பதுதான் விஷயம்.

அங்கே செலவாகும் பணத்துக்கு 14.6. ஊருக்கு அனுப்பும் பணத்துக்கு 25, ஏனென்றால் அதை வங்கி ஏறக்குறைய அந்த விகிதத்தில்தான் மாற்றித் தரும் (அனுப்பும் கட்டணம் கொஞ்சம் போகும்).

இங்கே நீங்கள் 40,000-க்கு வாழ்ந்து 20,000 மிச்சம் பிடிக்கிறீர்கள். அதே தரத்தில் அங்கே வாழ 40,000 ÷ 14.6, அதாவது சுமார் 2,740 வெளிக்காசு வேண்டும். மீதி 960. அதை ஊருக்கு அனுப்பினால் 24,000 உள்காசு. இங்கே மிச்சமாகும் 20,000-ஐவிட மாதம் 4,000 அதிகம்.

ஆனால் அந்தச் சேமிப்பை அங்கேயே வீடு வாங்கவோ பிள்ளைகளைப் படிக்கவைக்கவோ வைத்திருந்தால் அது 25 அல்ல, 14.6-இல்தான் மதிப்புப் பெறும். 960 அப்போது 14,000-க்குச் சமம். 20,000-ஐவிட நன்றாகவே குறைவு. ஒரே வேலை, ஒரே சம்பளம். சில வருடம் சம்பாதித்துத் திரும்புகிறவருக்கு லாபம், நிரந்தரமாகத் தங்குகிறவருக்கு, பணக் கணக்கை மட்டும் பார்த்தால், நஷ்டம். ஆகவே ‘எவ்வளவு சம்பளம்’ என்பதற்கு முன்னால் ‘மிச்சத்தை எந்த நாட்டில் செலவழிக்கப்போகிறேன்’ என்பதற்குப் பதில் வைத்திருங்கள். பாதிப்பாதி என்றால் 480-ஐ 25-ஆலும் 480-ஐ 14.6-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். வருவது ஏறக்குறைய 19,000, உள்நாட்டு வேலையோடு கிட்டத்தட்ட சமம்.

கணவன் மனைவி இருவரும் சம்பாதிக்கும் வீடு என்றால், விசா விதிகளால் ஒருவர் வேலையை விட வேண்டி வருமா என்று பாருங்கள். வருமென்றால் அந்தச் சம்பளத்தை உள்நாட்டுப் பக்கம் கூட்டியே ஒப்பிட வேண்டும். இந்த ஒரு வரியே பல கணக்குகளைக் கவிழ்த்துவிடும்.

படி 4: எங்கே உடையும் என்று பார்ப்பது

திரும்பி வருகிறவரின் 4,000 லாபம் எவ்வளவு தாங்கும்? 20,000-ஐ 960-ஆல் வகுத்தால் 20.8. மாற்று விகிதம் 25-இலிருந்து 20.8-க்கு இறங்கினால் லாபம் பூஜ்யம். விகிதம் 30-க்கு ஏறினாலும் உடனே மகிழ வேண்டாம். சொந்த நாட்டில் விலைவாசி ஏறியதால் நாணயம் சரிந்திருந்தால், அனுப்பும் பணம் எண்ணிக்கையில் கூடி, வாங்குவதில் அப்படியே நிற்கும்.

போய்ச் சேரும் செலவையும் விடாதீர்கள். விசா, டிக்கெட், சாமான் அனுப்புவது, அங்கே கட்டில் மேசை வாங்குவது எல்லாம் சேர்ந்து 72,000 உள்காசு என்று வைத்தால், மாதம் 4,000 லாபத்தில் அதை எடுக்க 18 மாதம் ஆகும். இரண்டு வருட ஒப்பந்தம் என்றால் நிகர லாபம் ஆறு மாதத்துக்கு 24,000, அவ்வளவே. வீட்டு முன்பணம் திரும்பக் கிடைப்பது என்பதால் இதில் சேராது, ஆனால் முதல் மாதமே கையில் வேண்டும்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் பேரம் பேசுவதற்கான எண் கிடைக்கும். வாழ 2,740, இங்கே மிச்சமாகும் 20,000-க்கு ஈடாக 800, ஆக 3,540 வெளிக்காசு கைக்கு வந்தால் திரும்பி வருகிறவருக்கு இரண்டு வேலையும் சமம். அதற்குக் கீழே அவர்கள் எதைச் சொன்னாலும் போகச் சொல்லும் காரணம் பணமாக இருக்க முடியாது. போய்ச் சேரும் 72,000-ஐ நிறுவனமே ஏற்குமா என்றும் கேளுங்கள். இரண்டு வருட ஒப்பந்தத்தில் அது மாதம் 120 வெளிக்காசு சம்பள உயர்வுக்குச் சமம். பல இடங்களில் சம்பளத்தைக் கூட்டித் தருவதைவிட இதற்குச் சம்மதிப்பது அவர்களுக்கு எளிது.